ஏழு பேர் குழுவுக்கு ரிஸ்க் ரிவ்யூ: தேதி யாருடையது, மேலே சொல்வது எப்போது

கேள்வி: "டர்பனில் பருப்பு, மசாலா, பூஜைச் சாமான் இறக்குமதி செய்து கடைகளுக்குப் போடுகிறோம். முதலாளியோடு சேர்த்து ஏழு பேர். ஆடிட்டர் கேட்டார் என்று எக்செலில், ஆபத்துகளை வரிவரியாக எழுதும் ஒரு ரிஸ்க் ரெஜிஸ்டர் போட்டோம். முப்பதுக்கு மேல் வரிகள் இருக்கின்றன, யாரும் திறப்பதில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது, யாரைப் பொறுப்பாக்குவது, எந்தக் கட்டத்தில் முதலாளியிடம் கொண்டுபோவது?"

கூட்டம் எப்போது என்பதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பெரும்பாலான சிறிய குழுக்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. மாதம் முதல் திங்கள் என்று காலண்டரில் போடுவார்கள், இரண்டு மாதம் உட்காருவார்கள், மூன்றாம் மாதம் ஒரு லாரி வந்து நிற்கும், அத்தோடு சரி. நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது வேறு: ஒவ்வொரு ஆபத்துக்கும், "இதற்குப் பிறகு தெரிந்தும் பயனில்லை" என்கிற நாள் எது? அந்த நாள் தெரிந்தால், மேலே சொல்ல வேண்டிய நேரம் அதிலிருந்து தானாக வரும். யார் பொறுப்பு என்பதும் வரும். கூட்டத்தின் இடைவெளி கடைசியில் தெரியும்.

அதற்கு முன் ஒரு வேலை. முப்பது வரியை எட்டாகக் குறையுங்கள். "நாணய மதிப்பு மாறலாம்", "ஊழியர் விலகலாம்", "போட்டி அதிகரிக்கலாம்" மாதிரியான வரிகள் எந்தக் கம்பெனியின் ரெஜிஸ்டரிலும் இருக்கும், யாரையும் எதையும் செய்ய வைக்காது. ஒரு வரி தங்க வேண்டுமானால் அதில் காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். "துறைமுகத் தாமதம்" என்பது தலைப்புதான். "டர்பன் துறைமுகத்தில் நெரிசலால் தீபாவளிக் கன்டெய்னர் இறங்கத் தாமதமாகி, கடைகளுக்குச் சரக்கு அக்டோபர் 19-க்குள் போகாமல், ஆர்டர்கள் வேறு மொத்த வியாபாரிக்குப் போய்விடலாம்" என்பதுதான் ஆபத்து. இப்படி எழுத முடியாத வரிகளை அழித்துவிடுங்கள். ஆடிட்டருக்கு வேண்டுமென்றால் வேறொரு தாளில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்தத் தீபாவளிக் கன்டெய்னரையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தொழிலில் வருடத்தின் பெரிய பந்தயம் அதுதான். நான் போடும் நாட்கணக்கு உத்தேசம், உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் மாறாது.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் கடைக்காரர்கள் மூன்று வாரம் முன்னதாகவே அடுக்கிவிடுவார்கள், ஆகவே சரக்கு அக்டோபர் 19 திங்களன்று கடையில் இருக்க வேண்டும். கிடங்கில் இறக்கி, பிரித்து, லேபிள் ஒட்டி, வண்டி ஏற்ற ஒரு வாரம். எனவே கன்டெய்னர் அக்டோபர் 12-க்குள் கிடங்குக்கு வர வேண்டும். கப்பல் சரக்கு இறக்கும் துறைமுக மேடையான பெர்த்தில் கட்டியதிலிருந்து சுங்க வேலை முடிந்து உங்கள் வாசலுக்கு வர இன்னொரு வாரம் என்றால், கப்பல் அக்டோபர் 5-க்குள் பெர்த்தில் இருக்க வேண்டும். நீங்கள் தாமதத்துக்கென்று இரண்டு வாரம் கையிருப்பு நாள் வைத்து, செப்டம்பர் 21-க்கு வந்து சேரும்படி தூத்துக்குடியிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு வாரம் போதுமா? சாதாரண வருடத்தில் போதும். ஆனால் 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது இரண்டு வாரம் எதற்கும் காணாது. கையிருப்பு நாளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, பணம் கடலில் முடங்கும். அதனால் மாற்று வழியும், அதை எடுக்க வேண்டிய கடைசி நாளும் கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு நிஜமாக இருக்கும் மாற்று வழிகள் இரண்டு. ஒன்று, எடை குறைந்த, லாபம் கூடிய சரக்கை மட்டும் சென்னையிலிருந்து விமானத்தில் வரவழைப்பது. மறுபடி வாங்கி, கட்டி, பறந்து, சுங்கம் முடிந்து, கடைக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் என்று வையுங்கள். அக்டோபர் 19-லிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் 5 திங்கள் காலை முதலாளி "சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். மற்றொன்று, ஜோஹன்னஸ்பர்க் மொத்த வியாபாரியிடம் விலை கூடினாலும் வாங்கி, கடைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. அதற்கு ஒரு வாரம். கடைசி நாள் அக்டோபர் 12.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். முதலாளி அக்டோபர் 5 காலை முடிவெடுக்க வேண்டுமென்றால், அவர் கையில் விமானச் சரக்குக் கட்டணம், பொருள் பட்டியல், நஷ்டக் கணக்கு மூன்றும் அதற்கு முன்பே இருக்க வேண்டும். இரண்டு வேலை நாள் கொடுங்கள். ஆக, அவரிடம் போக வேண்டிய நாள் அக்டோபர் 1, வியாழன். எது நடந்தால் உடனே செயல்பட வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பதைத் தூண்டல் என்போம். இந்த வரியின் தூண்டல் வாக்கியம் இப்படி அமையும்: "அக்டோபர் 1 காலை 10 மணிக்குத் துறைமுகத்தின் பெர்த் அட்டவணையைப் பார்க்க வேண்டும். நம் கப்பல் இன்னும் பெர்த்துக்கு வராமல், பெர்த் தேதி அக்டோபர் 5-க்கு அப்பால் இருந்தாலோ தேதியே போடப்படாமல் இருந்தாலோ, அன்று மதியம் 12-க்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும்."

இதில் "கணிசமான", "கவலைக்குரிய", "தேவைப்பட்டால்" என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக அதே அட்டவணையைப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும். தூண்டல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்: வேறு வேலை பார்க்கும் ஒருவரிடம் வாக்கியத்தைக் கொடுத்து, இன்று இது அடித்துவிட்டதா இல்லையா என்று கேளுங்கள். அவர் யோசித்தால் திருத்தி எழுதுங்கள்.

எதைப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கப்பல் நிறுவனத்தின் பக்கத்தில் காட்டும் வருகைத் தேதி பெரும்பாலும் நம்பிக்கை கூடிய தேதி. கப்பல் டர்பன் கடற்பரப்புக்கு வந்துவிட்டாலே அங்கே "வந்தாயிற்று" என்பது போலத் தெரியும், ஆனால் வெளியே நங்கூரத்தில் நின்றுகொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது பெர்த் தேதி. கிளியரிங் ஏஜென்ட் தினமும் பார்க்கும் அட்டவணையை உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இதைவிட முன்கூட்டியே கிடைக்கும் சமிக்ஞை ஒன்றும் உண்டு. தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறித்தான் வரும். அங்கே பெரிய கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை கன்டெய்னர் யார்டில் கிடக்கும். "செப்டம்பர் 8-க்குள் கொழும்பில் பெரிய கப்பலில் ஏறியதாகக் காட்டாவிட்டால்" என்று ஒரு முன் தூண்டல் வையுங்கள். இது முதலாளிவரை போக வேண்டியதில்லை. பொறுப்பாளர் தானே செயல்பட வேண்டிய கட்டம்: ஏஜென்டை விரட்டுவது, விமானப் பட்டியலைத் தூசி தட்டுவது, உங்களுக்கு ஒரு வரி அனுப்புவது. பிறகு கடைசிக் கட்டம்: அக்டோபர் 9 வெள்ளி மாலை கன்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டவில்லை என்றால் ஜோஹன்னஸ்பர்க் கொள்முதல் பற்றி முதலாளியிடம் போக வேண்டும். ஒரு வரிக்கு மூன்று தூண்டல் போதும். அதற்கு மேல் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது.

அந்த விமானப் பட்டியலை ஆகஸ்டிலேயே போட்டுவைக்கச் சொல்வேன். அக்டோபரில் உட்கார்ந்து போட்டால் தப்பு வரும். ஏலக்காய், கிராம்பு, விளக்குத் திரி, குங்குமம் போகும். மண் அகல் எடை, உடையவும் செய்யும். கற்பூரம் தீப்பற்றும் பொருள் வகையில் வருவதால் சாதாரணச் சரக்காக விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தீபாவளிக் கடையில் கற்பூரம் இல்லாவிட்டால் ஆகாது, ஆகவே அதற்கு ஒரே மாற்று உள்ளூர் கொள்முதல்தான். இது அக்டோபர் 1 அன்று தெரியவந்தால் முதலாளிக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்.

இன்னொன்று: உங்கள் புரட்டாசியும் இதே நாட்களில்தான் ஓடிக்கொண்டிருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பாதி வாடிக்கையாளர் வீட்டில் கவிச்சி கிடையாது, பருப்பு விற்பனை ஏறும். ஆக, கிடங்கில் தீபாவளிக் கையிருப்பு என்று நீங்கள் நினைத்திருக்கும் உளுந்தும் கடலைப்பருப்பும் புரட்டாசியிலேயே கரைந்துவிடும். துறைமுக வரியோடு கையிருப்பு வரியையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இது கண்ணில் படாது.

பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கு என் பதில்: சமிக்ஞை யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர். பதவியில் பெரியவரைப் போட வேண்டாம். உங்கள் ரெஜிஸ்டரைத் திறந்து பாருங்கள், பாதி வரிகளில் முதலாளி பெயர் இருக்கும், மீதியில் "குழு" என்று இருக்கும். இரண்டும் வெற்றிடம்தான். கப்பல் தேதியைத் தினமும் பார்ப்பவர் உங்கள் ஷிப்பிங் கிளார்க் என்றால் அவர்தான் அந்த வரிக்குச் சொந்தக்காரர், வயது இருபத்து நான்கு ஆனாலும். ஒரு வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அவர் லீவில் இருந்தால் பார்க்கும் இன்னொரு பெயர். ஏழு பேரில் ஒருவருக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். எட்டு வரி என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயரோடு அதிகாரமும் கொடுக்க வேண்டும். யாரையும் கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்று ரேண்டில் ஒரு தொகையை அந்த வரியிலேயே எழுதுங்கள். கட்டணம் கேட்டு வாங்குவது, ஏஜென்டுக்கு அவசரக் கூலி கொடுப்பது, ஒரு கூடுதல் வண்டி பிடிப்பது எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். அது இல்லாவிட்டால் பொறுப்பாளர் வெறும் தூதுவர். தொகைக்கு மேல் போகும் எதுவும் முதலாளியின் முடிவு.

நம் ஆட்களின் கம்பெனிகளில் இங்கே ஒரு சிக்கல் கட்டாயம் வரும். அங்கிள் நடத்தும் கம்பெனியில் சின்னப் பெண் போய் "அங்கிள், கப்பல் வராது போல இருக்கிறது" என்று சொல்லத் தயங்குவாள். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், நாளைக்கு நல்ல செய்தி வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளுவாள். கெட்ட செய்தி சொல்பவருக்குத்தான் முதல் திட்டு விழும் என்பது அவளுக்குத் தெரியும். "தைரியமாகச் சொல்லுங்கள்" என்று கூட்டத்தில் அறிவுரை சொல்லி இது தீராது. தூண்டலை எண்ணாக எழுதி, முதலாளியே அதில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் தீரும். அப்போது அவள் அபிப்பிராயம் சொல்லவில்லை. அவர் கேட்ட தகவலை அவர் கேட்ட நேரத்தில் கொடுக்கிறாள். கையெழுத்து வாங்கும்போது முதலாளியிடம் ஒரே வாக்குறுதி கேளுங்கள்: தூண்டல் அடித்துச் சொன்ன பிறகு கப்பல் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டாலும், "வீணாகப் பயமுறுத்தினாய்" என்று சொல்லக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை செய்தி வராது.

மேலே அனுப்பும் செய்தியின் வடிவத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போதும், ஆனால் குழுவில் போடக் கூடாது. குடும்பக் குழு, கோயில் குழு நடுவே அது புதைந்துவிடும். நேராக அவருக்கு, அனுப்பியதும் ஒரு போன். செய்தி இப்படி இருக்கலாம்:

"தீபாவளிக் கன்டெய்னர். அக்டோபர் 1 தூண்டல் அடித்துவிட்டது: கப்பல் வெளியே நிற்கிறது, பெர்த் தேதி அக்டோபர் 9 என்று போட்டிருக்கிறார்கள். நான் செய்தது: விமானக் கட்டணம் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன், நாளை காலை வரும், ஜோஹன்னஸ்பர்க்கில் கற்பூரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டேன், இருக்கிறது. உங்களிடம் வேண்டியது: விமானத்தில் வரவழைக்கலாமா, வேண்டாமா. திங்கள் அக்டோபர் 5 காலை 9-க்குள். பதில் வராவிட்டால் விமானம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, கற்பூரத்தை மட்டும் உள்ளூரில் வாங்குகிறேன்."

கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். பதில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பது முன்பே ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், அதுவும் செலவு குறைந்த, பின்வாங்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். கேட்காமல் பெரிய பணத்தைச் செலவழிக்கும் நிலையைப் பொறுப்பாளருக்கு உண்டாக்காதீர்கள்.

இனி கூட்டம். ஏழு பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முப்பது நிமிடம், செவ்வாய் காலை என்று வைப்பேன். திங்கள் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அரசு விடுமுறை ஞாயிற்றில் விழுந்தால் திங்களுக்குத் தள்ளுகிறார்கள், திங்கள் கூட்டம் வருடத்தில் சிலமுறை தானாகக் காணாமல் போகும். வெள்ளி மதியமும் வேண்டாம், டர்பன் கிடங்குகளில் அநேகமாக ஜும்மாவுக்குப் போகும் தோழர்கள் இருப்பார்கள், டிரைவர்களும் வார முடிவு அவசரத்தில் இருப்பார்கள்.

கூட்டத்தில் எட்டு வரியையும் வாசிக்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் "அடுத்துப் பார்க்கும் தேதி" என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்தத் தேதி ஆபத்தின் வேகத்தைப் பொறுத்தது, கூட்டத்தைப் பொறுத்ததல்ல. அன்றைக்குத் தேதி வந்த வரிகளை மட்டும் எடுங்கள், இரண்டோ மூன்றோ இருக்கும். பொறுப்பாளர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எண் இப்போது எங்கே இருக்கிறது, போன முறையிலிருந்து என்ன மாறியது, அடுத்து எப்போது பார்ப்பேன். அவ்வளவுதான். கடைசி ஐந்து நிமிடம் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டதா என்று சுற்றிக் கேளுங்கள், கிடங்கில் இருப்பவரை முதலில் பேசவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தூண்டல் எண்களையும் செலவு எல்லையையும் மறுபடி பாருங்கள்.

இப்போது நம் கன்டெய்னரை இந்தக் காலண்டரில் பொருத்திப் பாருங்கள். செவ்வாய்க் கூட்டங்கள் செப்டம்பர் 8, செப்டம்பர் 22, அக்டோபர் 6 என்று வருகின்றன. செப்டம்பர் 22 அன்று கப்பல் ஒரு நாள்தான் பிந்தியிருக்கும், யாரும் பதற மாட்டார்கள், பதறவும் தேவையில்லை. அடுத்த கூட்டம் அக்டோபர் 6. ஆனால் விமான முடிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், சொல்லும்போது அந்த வழி முந்தின நாள் காலையிலேயே மூடியிருக்கும். நடுவில் செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே வேறு, அன்றைக்கு அலுவலகம் இல்லை, பலர் வெள்ளியையும் சேர்த்து லீவு எடுப்பார்கள். இதனால்தான் தூண்டல் கூட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தூண்டல்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா, எண் சரியா, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்குத்தான் கூட்டம். செப்டம்பர் 22 கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அக்டோபர் 1 காலை 10 மணிக்கு நீ வேலையில் இருக்கிறாயா, இல்லையென்றால் யார் பார்ப்பது?"

எல்லா வரிக்கும் இப்படி வாரக்கணக்கில் கால அவகாசம் கிடைக்காது. உங்கள் கிடங்கு தெற்கு டர்பனில், பிராஸ்பெக்டன் பக்கம் தாழ்வான இடத்தில் இருந்தால் வெள்ளம் ஒரு வரி. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் அந்தத் தொழிற்பேட்டை மூழ்கியதையும், துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலை சேதமானதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே கணக்கு மணி நேரத்தில். அடித்தட்டு மூட்டைகளை மேலே ஏற்ற நான்கு பேருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருமுறை நிஜமாகச் செய்து பாருங்கள். ஐந்து மணி நேரம் என்றால், தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு தூண்டல் அடித்துப் பயனில்லை. வானிலைச் சேவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும், பத்துவரை நிலை எண்ணும் போட்டு எச்சரிக்கை விடுகிறது. டர்பன் மாநகரப் பகுதியான எத்தெக்வினிக்கு மழை ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் கிடங்குப் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் மூட்டையை ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், முதலாளிக்குத் தகவல் மட்டும் போக வேண்டும். மேலே கேட்டு அனுமதி வாங்கும் வரிசை இங்கே தலைகீழ்: முதலில் வேலை, பிறகு சொல்வது. எச்சரிக்கை வந்து மழை பெய்யாமல் போனால் நஷ்டம் ஐந்து மணி நேரக் கூலி. அது ஏற்கத்தக்க விலை என்று முதலாளி முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சில வரிகளுக்குச் சமிக்ஞையே கிடையாது, தேதி மட்டும்தான். காப்பீடு அப்படி. 2021 ஜூலைக் கலவரத்தில் பலர் கற்றது, கலவரச் சேதம் சாதாரணப் பாலிசியில் வராது, அதற்கு அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீடு அந்தப் பாலிசியோடு தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது. புதுப்பிக்கும் தேதிக்கு நாற்பத்தைந்து நாள் முன்னால் ஒரு தேதி போட்டு, சரக்கு மதிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிப்ரவரி மாதக் கையிருப்பை வைத்துக் காப்பீட்டுத் தொகை போட்டிருப்பார்கள், அக்டோபரில் கிடங்கில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் இழப்பீடும் அந்த விகிதத்தில் வெட்டப்படும்.

மின்வெட்டு வரியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நீண்ட காலம் நின்றிருந்தது, 2025 தொடக்கத்தில் சில நாள் மறுபடி எட்டிப் பார்த்தது. அழிக்க வேண்டாம், தூங்கவிடுங்கள். "மின்வெட்டு ஸ்டேஜ் 3 அல்லது மேல் அறிவித்தால்" என்று ஒரு தூண்டல், ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தேதி. கூட்டத்தில் பேசவே வேண்டாம்.

மூன்று மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: எந்த இரண்டு வரிகள் ஒரே மாற்று வழியை நம்பியிருக்கின்றன? 2021 ஜூலையில் கலவரம் நடந்து இரண்டு வாரத்துக்குள் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மேல் தாக்குதல் நடந்தது, கன்டெய்னர் முனையங்களுக்கு அவர்கள் ஃபோர்ஸ் மஜூர், அதாவது கைமீறிய நிலை, அறிவித்தார்கள். சாலையும் துறைமுகமும் ஒரே மாதத்தில் போயின. உங்கள் கன்டெய்னர் வரியின் கடைசி மாற்று ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்3 சாலை வழியாக வரும் லாரி. சாலை மறியல் வரியின் மாற்று என்ன என்று பாருங்கள், "கிடங்கில் இருக்கும் கையிருப்பு" என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் கையிருப்பைத்தான் புரட்டாசி தின்றுவிட்டது. இதற்கு முழுத் தீர்வு ஏழு பேர் கம்பெனியிடம் இருக்காது. ஆனால் கற்பூரம், கடலைமாவு மாதிரி இல்லாமல் ஆகாத நாலு பொருளுக்காவது ஒரு குறைந்தபட்ச இருப்பு எண் வைத்துவிடலாம்.

ஏற்பாடு கெட்டுப்போகிறது என்பது சில அடையாளங்களில் தெரியும். ஒரு வரியின் "அடுத்துப் பார்க்கும் தேதி" மூன்று முறை தள்ளிப்போய், எண்ணில் மாற்றமே இல்லையென்றால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு தூண்டல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடித்துக்கொண்டே இருந்தால் அது ஆபத்து இல்லை, ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் பிரச்சினை. அதை ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து வேலைப் பட்டியலில் போட்டு, முடிக்கும் தேதி கொடுங்கள். மறுபக்கம், வருடம் முழுக்க ஒரு தூண்டல்கூட அடிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், எண்கள் தொலைவில் வைக்கப்பட்டிருக்கலாம். நடந்த தாமதங்களை எடுத்துப் பார்த்து, எந்த எண் வைத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று திருத்துங்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கிச் சிவப்பு, பச்சை அடிக்கும் வேலையை ஆடிட்டர் கேட்டால் வருடம் ஒருமுறை செய்யுங்கள். பன்னிரண்டா பதினாறா என்று விவாதித்துப் போகும் நேரத்தில் ஒரு தூண்டலை உருப்படியாக எழுதிவிடலாம்.

ஆரம்பிப்பதற்கு முதல் செவ்வாய் ஒரு வரி மட்டும் எடுங்கள், கன்டெய்னரையே எடுங்கள். பின்னோக்கி எண்ணித் தேதிகளைப் போட்டு, ஷிப்பிங் கிளார்க் பெயரையும் மாற்று ஆள் பெயரையும் எழுதி, முதலாளியின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வெள்ளமும் காப்பீடும். எட்டும் முடிய இரண்டு மாதம் ஆகலாம், பரவாயில்லை. தேதி போடும்போது ஒன்றைப் பாருங்கள்: டிசம்பர் 16 விடுமுறையிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை இங்கே ஏஜென்ட், வண்டிக்காரர், வங்கி எல்லாரும் பாதி ஆளோடு ஓடுவார்கள். அந்த இடைவெளியில் விழும் எந்தத் தேதியையும் டிசம்பர் 1 கூட்டத்துக்கு இழுத்துவிடுங்கள், தைப்பூசச் சரக்கின் முதல் தூண்டலையும் சேர்த்து.